பிழைத்து வந்த வீட்டுக்கு ஒரு கும்மி

நோய் வந்தபோது பாட நம்மிடம் பாட்டுகள் ஏராளம். அம்மை போட்ட வீட்டில் மாரியம்மன் தாலாட்டு கேட்கும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பாட்டி கவசம் சொல்வாள். ஆனால் நோய் தீர்ந்து, வேண்டுதலைச் செலுத்தக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற நாளில் என்ன பாடுவது? பெரும்பாலும் அதே கவசத்தையே மறுபடி சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். காப்பாற்று என்று கேட்ட பாட்டையே, காப்பாற்றிய பிறகும் பாடுகிறோம்.

நம் பக்தி இலக்கியத்தில் இந்த இரண்டும் வேறு வேறு பாட்டுகளாகத்தான் இருக்கின்றன. அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம், சூலை நோயால் வயிறு துடிக்கும்போது பிறந்தது. தமக்கை திலகவதியார் கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு, வலியோடு வலியாகப் பாடியது என்று பெரியபுராணம் சொல்கிறது. அது முறையீடு. சுந்தரர் கதை வேறு. இரண்டு கண்ணும் இழந்து நடந்தவருக்குக் காஞ்சிபுரத்தில் இடக்கண் பார்வை வந்தது. வலக்கண் திருவாரூரில்தான் வரப்போகிறது. பாதிதான் குணம். ஆனாலும் அந்த இடத்திலேயே ஏகம்பநாதர் மேல் ஒரு பதிகம் பாடினார். பாட்டுக்குப் பாட்டு, இறைவனைக் காண்பதற்கு எனக்குக் கண் கிடைத்த விதம்தான் என்னே என்ற வியப்பில் வந்து முடிகிறது அது. குருடனாக அலைந்த துன்பத்தை அவர் அங்கே விரிக்கவில்லை. கிடைத்த கண்ணால் யாரைப் பார்க்கிறேன் என்பதைத்தான் பாடுகிறார்.

நன்றிப் பாட்டு எழுதும் எவருக்கும் அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. வலியைச் சொல்ல ஓரிரு வரி போதும். இப்போது என்ன முடிகிறது என்பதே பாட்டின் உடல். புதிதாக எதையும் கேட்காமல் இருப்பது அதற்கு உரிய மரியாதை.

எனக்கு மிக நெருங்கிய ஒரு குடும்பத்துக்காக அப்படி ஒரு பாட்டு எழுத உதவினேன். வீட்டுப் பெரியவருக்கு நிமோனியா. நுரையீரலில் சளி கட்டி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு மருத்துவமனையில் கிடந்தார். தேறி வந்ததும் வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போவதென்று அவர் மனைவி வேண்டிக்கொண்டிருந்தார். சீர்காழிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊருக்குத் தேவாரப் பெயர் புள்ளிருக்குவேளூர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள கோயில். சாமி வைத்தியநாதர், அம்மன் தையல்நாயகி, முருகனுக்கு முத்துக்குமாரசுவாமி என்று பெயர். நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் சித்தாமிர்தத் தீர்த்தத்தில் வெல்லம் கரைப்பார்கள், உப்பும் மிளகும் கொட்டுவார்கள், நலிந்த உறுப்பின் உருவை வெள்ளித் தகட்டில் வாங்கி உண்டியலில் சேர்ப்பார்கள். திருச்சாந்துருண்டை என்கிற மருந்துருண்டை பிரசாதமாகக் கிடைக்கும். இவையெல்லாம் பாட்டுக்குள் வரக்கூடிய பொருள்கள் என்பதால் சொல்கிறேன். ஊரும் சடங்கும் தெரியாமல் எழுதினால் பாட்டு எந்தக் கோயிலுக்கும் பொருந்தும். எந்தக் கோயிலுக்கும் பொருந்துகிற பாட்டு, இந்தக் குடும்பத்துக்கு உரியதாகாது.

மகன் முதலில் தானே எழுதிப் பார்த்திருந்தார். கருணைக் கடல், அருள் மழை, வினை தீர்க்கும் வள்ளல் என்று இரண்டு பக்கம். எல்லாமே உண்மையான உணர்ச்சிதான். ஆனால் அதில் அவர் அப்பா இல்லை, நிமோனியா இல்லை, அந்த ராத்திரி இல்லை. நான் அவரிடம், “தம்பி, இதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். வீட்டில் ஒவ்வொருவரையும் ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்க. அந்த நாட்களில் உங்களுக்கு மறக்கவே மறக்காத ஒண்ணு எதுன்னு மட்டும் கேளுங்க” என்றேன்.

பதில்கள் மறுநாளே வந்தன. அம்மா சொன்னது: “மூச்சு இழுத்துக்கிட்டு அவரு என் கையைப் பிடிச்சப்போ, பக்கத்துத் தெருவுல இருக்கற புள்ளைக்குப் போன் பண்ணணும்னுகூட எனக்குத் தோணலை.” மருமகள் சொன்னது 108 வண்டியில் மாமாவைத் தூக்கி ஏற்றிய பையன்களையும், வலிக்காமல் ஊசி போட்ட நர்ஸையும் பற்றி. பேரன் சொன்னது ஒரே வரி: தாத்தா தோசை சாப்பிட்டார். பெரியவரே சொன்னது, வாயில் எல்லாம் மண்ணாக இருந்து, ஒருநாள் ரசம்சோறு ருசித்ததைப் பற்றி. பாட்டின் நான்கு சரணமும் அங்கேயே கிடைத்துவிட்டன. மீதி வேலை அவற்றை மெட்டில் உட்கார வைப்பதுதான்.

எந்த மெட்டு? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கைக்கு வந்த சினிமா மெட்டில் சாமி பாட்டு எழுதுவது எளிது. ஆனால் மெட்டோடு பழைய சொற்களும் கூடவே வரும். பாடுகிறவர் மனதில் சாமியும், கேட்கிறவர் மனதில் படக்காட்சியும் ஓடும். காவடிச் சிந்து கேட்க அழகு, ஆனால் அதன் வேகத்துக்கு நாக்கு பழகியிருக்க வேண்டும். நோயிலிருந்து எழுந்தவருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் அது ஓடாது. கீர்த்தனைக்குப் பாடத் தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது வேண்டும். இந்த வீட்டில் யாருக்கும் சங்கீதம் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் கை தட்டத் தெரியும். அதனால் கும்மியை எடுத்துக்கொண்டோம்.

கும்மியின் அளவு இது. ஓரடிக்கு ஏழு சீர். முதல் பாதியில் நான்கு, பின்பாதியில் மூன்று. சீருக்கு ஒரு தட்டு. சொல் இல்லாமல் ஓசையை மட்டும் சொன்னால் தானன தானன தானன தானன, தானன தானன தானானே என்று வரும். ஏழாவது சீர் இழுபட்டு எட்டாவது தட்டையும் நிரப்பும். அந்த எட்டாவது தட்டில்தான் எல்லோரும் மூச்சு வாங்குகிறார்கள். நுரையீரல் நோயிலிருந்து தேறியவர் சேர்ந்து பாட வேண்டிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்கும் இடம் மெட்டிலேயே இருக்கிறது, அவருக்காகத் தனியாக நிறுத்த வேண்டியதில்லை.

இதற்கு மேல் இரண்டு கட்டுப்பாடுகள் போதும். முதல் சீரும் ஐந்தாம் சீரும் ஒரே இன எழுத்தில் தொடங்கினால் பின்பாதி தானாக நினைவுக்கு வரும். அது மோனை. இரண்டு அடிகளின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒத்தால் இரண்டாம் அடி மறக்காது. அது எதுகை. தாளைப் பார்க்காமல் சன்னிதியில் பாட வேண்டும் என்றால், இந்த இரண்டும் இருக்கத்தான் வேண்டும்.

எல்லோரும் சேர்ந்து பாடும் பல்லவி இப்படி அமைந்தது:

வைத்திய நாதனே! வேளூர்ப் பதியினில்
வந்துநின் றோம்உன்றன் வாசலிலே
தைத்த துயரெல்லாம் தீர்த்தனை தையலே
தாயே எனச்சொல்லித் தாள்பணிந்தோம்

இங்கே இரண்டிரண்டு வரியாக அச்சிட்டிருப்பது ஓரடிதான். சாமியின் பெயர் முதல் சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஊர் வருகிறது. அம்மன் தையல் என்று வருகிறாள். நாங்கள் வந்து நிற்கிறோம் என்ற செய்தியும் வந்துவிட்டது. பல்லவிக்கு இவ்வளவு போதும்.

அடுத்தது எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. நோயுற்றவரைப் பாட்டில் எப்படிக் குறிப்பிடுவது? மகனுக்கு அவர் அப்பா. மருமகளுக்கு மாமா. பேரனுக்குத் தாத்தா. மனைவியோ பெயரும் சொல்ல மாட்டார், முறையும் சொல்ல மாட்டார். மகன் எழுதிய வரைவில் முழுக்க ‘எங்கள் தந்தை’ என்றிருந்தது. அதை அம்மா பாடினால் பொய்யாக இருக்கும். அதனால் ஒரு பாட்டை எல்லோரும் பாடுவதை விட்டு, சரணத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டோம். பல்லவி மட்டும் எல்லோருக்கும். அப்படிப் பிரித்த பிறகு அந்தச் சிக்கலே இல்லாமல் போயிற்று, ஒவ்வொருவரும் தாம் பார்த்ததை மட்டும் சொன்னால் போதும் என்றாகிவிட்டது.

அம்மாவின் சரணம்:

மூச்சுத் திணறி முனகிய ராத்திரி
மோதிய நெஞ்சோடு நானிருந்தேன்
பேச்சும் வராமல்என் கைபிடித் தார்எனக்குப்
பிள்ளைக்குப் போன்செய்யத் தோணவில்லை

‘போன்’ என்ற சொல் சாமி பாட்டில் வரலாமா என்று மகன் தயங்கினார். வரலாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த ராத்திரியில் அந்த அம்மாவின் கையறு நிலை முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ‘மகவுக்குச் சொல்லவும் மறந்தேனே’ என்று போட்டால் யாருடைய ராத்திரி என்றே தெரியாது. துன்பத்தைச் சொல்லும் சரணம் இது ஒன்றுதான். இரண்டு அடியோடு நிறுத்திக்கொண்டோம்.

மருமகளின் சரணம்தான் பலமுறை அடித்து எழுதப்பட்டது. அவர் சொன்னபடியே எழுதினால், “108 ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அந்தத் தம்பிகளுக்கும்” என்று வருகிறது. உரைநடையில் நன்றாகத்தான் இருக்கிறது. கை தட்டிப் பார்த்தால் நாலு தட்டுக்குள் அடங்காமல் நாக்கு ஓடுகிறது. வரி நீளமாகிவிட்டதைக் கண்டுபிடிக்க இலக்கணப் புத்தகம் வேண்டாம். தட்டு சீராகப் போகும்போது வாய் அவசரப்பட்டால் சொல் அதிகம். கை தட்டிக் காத்திருந்தால் சொல் குறைவு. ஆம்புலன்ஸ் என்பதை விட்டோம், ஏனென்றால் நூற்றெட்டு வண்டி என்றாலே எல்லோருக்கும் தெரியும். தம்பிகளையும் விட்டு, அவர்கள் கைகளை மட்டும் வைத்துக்கொண்டோம்:

நூற்றெட்டு வண்டியில் தூக்கிய கைகளும்
நோகாமல் ஊசிகுத்தும் கைகளுமே
காற்றைக் குழாய்வழி மூக்கில் கொடுத்தவர்
கண்ணுக்குன் னைப்போலத் தோன்றினரே

மருத்துவம் பார்த்தவர்களுக்குச் சாமி பாட்டில் இடம் உண்டா என்ற கேள்வி எல்லாக் குடும்பத்திலும் எழும். வைத்தியநாதன் என்றே பெயர் கொண்ட சாமி முன் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இத்தலத்தைப் பாடிய அப்பரும் இறைவனை மருந்தாகவே கண்டிருக்கிறார். சில பாட்டுகளில் ‘வைத்தியர் கைவிட்டார், நீதான் காத்தாய்’ என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையிலேயே அப்படி நடந்திருந்தால் எழுதலாம். நடக்காததை எழுதினால், ராத்திரி முழுக்க விழித்துப் பார்த்த ஒருவருக்குச் சன்னிதியிலேயே அநியாயம் செய்ததாகும். அதேபோல மருந்துருண்டைப் பிரசாதம் வாங்கிக்கொண்ட பிறகும் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை அவர் சொன்ன நாள்வரை தொடர வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று பெருமையாக ஒரு வரி எழுதிவிடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்யப் போகிறார்கள்.

பேரனின் சரணம் அவன் பேச்சு மாறாமல் இருக்கட்டும் என்று விட்டோம்:

தாத்தா எழுந்தாச்சு தோசையும் தின்னாச்சு
தட்டிலே சட்னியும் மிச்சமில்லை
கூத்தாடிக் கைதட்டிக் கூப்பிடு வோம்உன்னைக்
கோயில் முழுசும்நாம் சுத்திவந்து

முழுசும், சுத்தி என்பவற்றைத் திருத்தி முழுவதும், சுற்றி என்று ஆக்க நினைப்பவர்கள் உண்டு. ஆறு வயதுக் குழந்தை பாடும் வரியைப் புலவர் தமிழாக்கினால் குழந்தைக்கு அது பாடமாகிவிடும். பல்லவி கொஞ்சம் செந்தமிழாகவும் இந்தச் சரணம் வீட்டுத் தமிழாகவும் இருப்பதில் ஒரு குறையும் இல்லை. நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுகிற வீடுதானே அது.

கடைசிச் சரணம் பெரியவருக்கு. பாட்டு முழுவதும் எதை நோக்கிப் போகிறதோ, அது இங்கே இருக்கிறது. நோயாளியைப் பற்றி மற்றவர்கள் பாடி முடித்துவிட்டால் அவர் பார்வையாளராகி நிற்பார். அவர் குரல் கோயிலில் கேட்பதுதான் வேண்டுதல் பலித்ததற்குச் சாட்சி. அதனால் இந்தச் சரணத்தை அவர் தனியாகப் பாட வேண்டும், அல்லது பாட முயல வேண்டும்.

உப்பும் மிளகும் உனக்களித் தேன்ஐயா
உள்ளே இழுக்கும்இம் மூச்சுனதே
தப்பிப் பிழைத்தநான் சாப்பிடும் சோற்றிலே
தாயேஉன் கைம்மணம் காணுகின்றேன்

முதல் வரைவில் இதன் இரண்டாம் அடி ‘இனியும் காக்க வேண்டும், பேரன் திருமணம் பார்க்க வேண்டும்’ என்று போயிற்று. இயல்பான ஆசை. ஆனால் அந்த இடத்தில் பாட்டு மறுபடி வேண்டுதல் சீட்டாகிவிட்டது. பெரியவரே அதைப் படித்துவிட்டு, “கேக்கறதை மனசுக்குள்ள கேட்டுக்கறேன், இதுல வேண்டாம்” என்றார். ரசம்சோறு ருசித்த கதையை அப்புறம்தான் சோற்றில் தாயின் கைம்மணமாக மாற்றினோம்.

நிமோனியாவுக்குப் பிறகு பலருக்குக் காய்ச்சல் சீக்கிரம் விட்டாலும் இருமலும் களைப்பும் வாரக்கணக்கில் இருக்கும். களைப்பு மூன்று மாதம்வரைகூட நீடிக்கும். அதனால் பெரியவருடைய மூச்சை வீட்டிலேயே அளந்து பார்த்தோம். ஒரே மூச்சில் நாலு தட்டு, அதாவது அரையடி, நிம்மதியாகப் பாட முடிகிறதா என்பதுதான் அளவு. முதல் வாரம் முடியவில்லை. நாலு தட்டில் இரண்டாவதிலேயே இருமல் வந்தது. அப்போது முன்பாதியை மகன் பாட, பின்பாதியின் மூன்று சீரை மட்டும் அப்பா பாடுவதாக மாற்றி வைத்திருந்தோம். பின்பாதியைக் கவனித்தால் தெரியும், முக்கியமான சொற்கள் அங்கேதான் இருக்கின்றன: உள்ளே இழுக்கும் மூச்சு உனது, தாயே உன் கைம்மணம். வேண்டுமென்றே அப்படி அமைத்தோம். கோயிலுக்குப் போன சமயத்தில் அவரால் முழு அடியும் முடிந்தது. முடியாமல் போயிருந்தாலும் பாட்டு உடைந்திருக்காது. பழகும்போது தலைசுற்றினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரைக் கேட்க வேண்டும். அன்றைக்குப் பாட்டு அவ்வளவுதான்.

சுருதியும் அவரிடமிருந்தே தொடங்க வேண்டும். குடும்பமாகப் பாடும்போது உற்சாகத்தில் யாரோ ஒருவர் உச்சத்தில் எடுத்துவிடுவார். இரண்டாவது சரணத்துக்குள் ஆண்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். பெரியவரை முதலில் பல்லவியை முனகச் சொல்லி, அந்த உயரத்திலேயே மற்றவர்கள் சேர்ந்துகொண்டால் கடைசிவரை எல்லோர் குரலும் இருக்கும். மிருதங்கம், ஹார்மோனியம் எதுவும் வேண்டாம். கையும், இருந்தால் ஒரு ஜோடி சிங்கியும் போதும்.

எவ்வளவு நேரம் பாடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. பல்லவி இரண்டடி, அது முதலிலும் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் வருவதால் ஐந்து முறை. சரணங்கள் நான்கும் சேர்ந்து எட்டடி. மொத்தம் 18 அடி, அடிக்கு 8 தட்டு, ஆக 144 தட்டு. விநாடிக்கு ஒரு தட்டு என்று மெதுவாகப் போனாலும் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூட்டம் இருக்கும் கோயிலில் குடும்பமாக நின்று பாட நியாயமாகக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். கருவறை வாசலில் வரிசையை நிறுத்திப் பாடக் கூடாது. தீபாராதனை நேரத்தில் ஓதுவார் தேவாரம் பாடும்போது நம் பாட்டு எழவே கூடாது. தரிசனம் முடித்து, அம்மன் சன்னிதிக்கு வெளியே மண்டபத்திலோ பிராகாரத்திலோ ஓரமாக உட்கார்ந்து, கோயில்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாடலாம். வைத்தீஸ்வரன்கோயில் செவ்வாய்க்குரிய தலம் என்பதால் செவ்வாய்க்கிழமைகளில் நெரிசல் அதிகம். கிருத்திகையில் முத்துக்குமாரசுவாமிக்காகக் கூட்டம் வரும். சித்திரையில் நகரத்தார் நடைப்பயணமாக வந்து சேரும் நாட்களில் காலே வைக்க முடியாது. நுரையீரல் நோயிலிருந்து எழுந்தவரை அந்த நெரிசலுக்குள் கொண்டுபோக வேண்டாம். சாதாரண நாளின் காலை நேரம் நல்லது. அவர் நிற்காமல் உட்கார்ந்தே பாடட்டும்.

எழுதும்போது ஒன்றை மட்டும் பெரியவரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டோம்: எதைச் சொல்லக் கூடாது? நான்கு பேர் கேட்கிற இடத்தில் தன் நோய், தன் கடன், தன் இயலாமை எவ்வளவு வெளிவரலாம் என்று முடிவு செய்யும் உரிமை நோயிலிருந்து எழுந்தவருக்கு மட்டுமே உண்டு. மருத்துவமனையில் உடம்பு துடைத்து, உடை மாற்றிவிட்டதை மகன் நன்றியோடு எழுதியிருந்தார். அப்பா வேண்டாம் என்றார், எடுத்துவிட்டோம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பிழைக்கவில்லை. ‘எங்களை மட்டும் காத்தாய்’ என்கிற தொனி வரும் ஒரு வரி இருந்தது. அதையும் எடுத்தோம். அந்தக் குடும்பமும் இதே சாமியைத்தான் வேண்டியிருக்கும்.

எல்லா நோயும் நிமோனியா போல வந்து போவதில்லை. புற்றுநோய்க்கு மருத்துவம் முடித்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், மாரடைப்புக்குப் பிறகு மாத்திரையோடு வாழ்கிறவர்கள் நோய் அடியோடு போயிற்று என்று பாட முடியாது. அவர்களும் நன்றிப் பாட்டு எழுதலாம். அடியோடு தீர்ந்தது என்று எழுதாமல், இன்று நடந்து வந்தேன், இந்தப் படி ஏறினேன், இந்தத் தீபம் பார்த்தேன் என்று கண்முன் உண்மையாக இருப்பதை எழுதட்டும். ஒரு கண்தான் வந்திருந்தபோது சுந்தரர் பாடினார் என்பதை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பாடி முடித்த தாளைச் சாமி படத்தின் பின்னால் செருகிவைக்காமல், ஒரு நல்ல நோட்டில் மறுபடி எழுதி வையுங்கள். கீழே தேதி, கோயில், யார் எந்தச் சரணத்தைப் பாடினார்கள் என்பதும் இருக்கட்டும். பேரன் பெரியவனானதும் தன் சரணத்தைப் படிப்பான்.